பிவட் அட்டவணையில் முதல் பத்து

எக்செல்லில் ஒரு பிவட் அட்டவணையை உருவாக்கியதும் பெயர்கள் அகரவரிசையில் வந்து நிற்கின்றன. ஒரு பெயரைத் தேடி எடுக்க அந்த வரிசை உதவும். எது பெரியது, எது சிறியது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாநில வாரியாகச் சுருக்கினால் முதல் வரியில் 3.81 லட்சம் பேர் வாழும் அந்தமான் நிக்கோபார் தீவுகள் வரும். அடுத்த வரியில் 8.46 கோடி மக்களுடன் அன்று பிரியாத ஆந்திரப் பிரதேசமும், மூன்றாவதாக 14 லட்சத்தைத் தொடாத அருணாச்சலப் பிரதேசமும் வரும். இப்படி ஏறி இறங்கும் 35 வரிகளைக் கண்ணால் ஒப்பிட்டு முதல் பத்தைப் பொறுக்குவது வீண் உழைப்பு. இதற்காகவே எக்செல்லில் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று, பெயரால் அல்லாமல் மதிப்பால் வரிசைப்படுத்துவது. மற்றொன்று, `Top 10` என்ற வடிகட்டி. இரண்டையும் சில கிளிக்குகளில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து பெயர்கள் எந்தக் கணக்கின்படி தேர்வாகின்றன, அவற்றின் கீழே தெரியும் கூட்டுத்தொகை எதைக் குறிக்கிறது என்பதை அறியாமல் பட்டியலைப் பயன்படுத்தினால், சரியானதுபோலவே தோன்றும் தவறான விடை கையில் வந்து சேரும்.

மேற்சொன்ன கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூலத் தரவு ஒரு மாவட்டத்துக்கு ஒரு வரி என்ற கணக்கில் 640 வரிகள். நெடுவரிசைகள் நான்கு: `State`, `District`, `Population`, `Urban`. கடைசி இரண்டும் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையும் அதில் நகர்ப்புற மக்கள்தொகையும். இந்தத் தரவை முதலில் `Ctrl+T` அழுத்தி ஓர் எக்செல் டேபிளாக மாற்றி, அதற்கு `Census` என்று பெயரிட்டுக்கொள்வது நல்லது. பின்னால் வரிகள் சேர்ந்தாலும் பிவட் அட்டவணை அவற்றை விட்டுவிடாது. பிறகு `Insert` பகுதியில் `PivotTable` தேர்ந்து, `State` புலத்தை `Rows` பெட்டியிலும் `Population` புலத்தை `Values` பெட்டியிலும் போட்டால், 35 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அகரவரிசையில் கிடைக்கும். அடியில் `Grand Total` 121,08,54,977. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பல இடங்களில் சரிபார்க்க இதுவே துணை.

மதிப்பால் வரிசைப்படுத்த மிகச் சுருக்கமான வழி, மக்கள்தொகை எண் உள்ள ஏதாவது ஒரு கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து, `Sort` பட்டியலில் `Sort Largest to Smallest` என்பதைத் தேர்வது. உடனே 19.98 கோடியுடன் உத்தரப் பிரதேசம் மேலே ஏறும். அதன்கீழ் மகாராஷ்டிரம், பீகார், மேற்கு வங்காளம் என்று வரிசை இறங்கி, 64,473 பேருடன் லட்சத்தீவில் முடியும். கிளிக் செய்யும் இடம் முக்கியம். எண்ணின் மேல் செய்தால் மதிப்பால் வரிசையாகும். மாநிலப் பெயரின் மேல் செய்தால் பெயரால் வரிசையாகும். `Row Labels` தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தி `Sort Z to A` கொடுப்பவர்கள் பெரிய எண் மேலே வரும் என்று எதிர்பார்ப்பதுண்டு. அது பெயர்களைத் தலைகீழாக அடுக்கி மேற்கு வங்காளத்தை உச்சியில் நிறுத்தும், அவ்வளவுதான். அதே அம்புக்குறியிலிருந்து மதிப்பால் வரிசைப்படுத்த வேண்டுமானால் `More Sort Options` என்ற பெட்டியைத் திறந்து, `Descending (Z to A) by` என்பதன் கீழ் `Sum of Population` என்று தேர வேண்டும். வலது கிளிக் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் எந்தப் புலம் எந்த மதிப்பால் வரிசையாகியிருக்கிறது என்பதை எழுத்தில் காட்டுவதால், வேறொருவர் செய்துவைத்த அட்டவணையைப் புரிந்துகொள்ள இந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

சாதாரண எக்செல் தாளில் வரிசைப்படுத்துவதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரணத் தாளில் அது ஒருமுறை நடந்து முடியும் செயல். எண்கள் பின்னால் மாறினால் வரிசை தானாகத் திருந்தாது. பிவட் அட்டவணையிலோ அது அந்தப் புலத்தின்மேல் நிலைத்திருக்கும் ஒரு விதி. மூலத் தரவு மாறி, அட்டவணையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எக்செல் அந்த விதியை மறுபடி செயல்படுத்தும். ஆனால் ஒரு மாநிலப் பெயரைச் சுட்டியால் இழுத்து வேறிடத்தில் வைத்துவிட்டால், அந்த நொடியே விதி விலகிவிடும். `More Sort Options` பெட்டியில் தேர்வு `Manual` என்று மாறியிருக்கும். அதன்பின் புதுப்பித்தாலும் வரிசை அசையாது. வழக்கமாக ஒழுங்காக இறங்கும் எண்களுக்கு நடுவே திடீரென ஒரு பெரிய எண் தாழ நின்றால், யாரோ எப்போதோ இழுத்து வைத்ததன் தடயம் அது. எண்ணின் மேல் வலது கிளிக் செய்து மறுபடி வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும்.

இனி வடிகட்டி. `Row Labels` அம்புக்குறியை அழுத்தினால் வரும் பட்டியலில் `Value Filters` என்றொரு வரி இருக்கும். அதற்குள் கடைசியில் `Top 10`. மாநிலப் பெயர் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து `Filter` வழியாகவும் அங்கே போகலாம். திறக்கும் சிறு பெட்டியில் நான்கு தேர்வுகள் ஒரே வரியில் நிற்கும். முதலாவது `Top` அல்லது `Bottom`. இரண்டாவது ஓர் எண். பெயர்தான் டாப் டென், அங்கே 5, 15, 25 என்று எதையும் இடலாம். மூன்றாவது `Items`, `Percent`, `Sum` என்ற மூன்றில் ஒன்று. நான்காவது, எந்த மதிப்பால் அளப்பது என்பது. `Top`, `10`, `Items`, `Sum of Population` என்று விட்டு `OK` அழுத்தினால், 35 வரிகள் பத்தாகச் சுருங்கும்: உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், பீகார், மேற்கு வங்காளம், ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, ராஜஸ்தான், கர்நாடகம், குஜராத். முதலாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே 19.98 கோடியிலிருந்து 6.04 கோடி வரை பெரிய இறக்கம். ஏழாவதாகத் தமிழ்நாடு 7.21 கோடி.

மூன்றாவது தேர்வு பெரும்பாலோர் தொடாமல் விட்டுவிடுவது. பயன் என்று பார்த்தால் இந்தப் பெட்டியிலேயே அதுதான் செழுமையானது. `Percent` என்பதைத் தேர்ந்து 50 என்று இட்டால், மாநிலங்களில் பாதி, அதாவது பதினெட்டு வரும் என்று நினைக்கத் தோன்றும். சாதாரணத் தாளில் உள்ள வடிகட்டி அப்படித்தான் எண்ணிக்கையில் பாதியைக் காட்டும். பிவட் அட்டவணையின் கணக்கு வேறு. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்த மக்கள்தொகையின் பாதியை எட்டும் வரையில் உள்ள மாநிலங்களை அது வைத்துக்கொள்ளும். முதல் ஐந்து மாநிலங்களைக் கூட்டினால் 59.21 கோடி; இந்தியாவின் பாதியான 60.54 கோடிக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்த்தால் 66.48 கோடியாகி எல்லை கடந்துவிடும். ஆகவே ஆறு மாநிலங்கள் தெரியும். நாட்டு மக்களில் பாதிப்பேர் எத்தனை மாநிலங்களில் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே கிளிக்கில் விடை. `Sum` தேர்வும் இதே போக்கில்தான் இயங்கும். சதவீதத்துக்குப் பதில் நேரடி எண் தர வேண்டும். 50,00,00,000 என்று இட்டால் நான்கு மாநிலங்கள் நிற்கும். மேற்கு வங்காளத்தோடு கூட்டுத்தொகை 50.76 கோடியை எட்டிவிடுகிறது. விற்பனைக் கணக்கில் வருவாயின் எண்பது சதவீதத்தை எந்தப் பொருள்கள் தருகின்றன என்று பார்ப்பவர்களுக்கும் தேவைப்படுவது `Percent` தேர்வே.

பத்து கேட்டால் சில நேரம் பதினொன்று வருவதும் உண்டு. பிழை என்று மிரள வேண்டாம், சமநிலைதான் காரணம். மக்கள்தொகையில் இரண்டு மாநிலங்கள் ஒரே எண்ணில் நிற்பது அரிது என்பதால் இங்கே அது தென்படாது. மதிப்பை மாற்றி, ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை மாவட்டங்கள் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2011இல் உத்தரப் பிரதேசத்தில் 71, மத்தியப் பிரதேசத்தில் 50, பீகாரில் 38, மகாராஷ்டிரத்தில் 35, ராஜஸ்தானில் 33, தமிழ்நாட்டில் 32. ஏழாவது இடத்தில் கர்நாடகமும் ஒடிசாவும் 30 மாவட்டங்களோடு சமமாக நிற்கின்றன. `Top` 7 கேட்டால் எக்செல் எட்டு மாநிலங்களைக் காட்டும். இரண்டில் எதை வெளியே தள்ளுவது என்று அது தானாக முடிவெடுப்பதில்லை. `Bottom` 1 கேட்டால் ஒரே மாவட்டம் கொண்ட சண்டிகர், தாத்ரா நாகர் ஹவேலி, லட்சத்தீவு மூன்றும் வரும். நேர்மையான நடத்தை இது. கட்டாயம் பத்து வரிகள்தான் வேண்டும் என்றால், சமநிலையை எதைக் கொண்டு உடைப்பது என்பதை அறிக்கை எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வரிசைப்படுத்துவதும் வடிகட்டுவதும் ஒன்றையொன்று சாராத இரண்டு வேலைகள். வடிகட்டி பத்தைத் தேர்ந்தெடுக்குமே தவிர, அவற்றை அடுக்கித் தராது. வரிசைப்படுத்தாமல் வடிகட்டினால் அதே பத்து மாநிலங்கள் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கி மேற்கு வங்காளம் வரை அகரவரிசையில் நிற்கும். எதை முதலில் செய்வது என்பதும் பொருட்டல்ல. சிக்கல் எப்போது வருகிறதென்றால், அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருந்து, வரிசை ஒன்றாலும் வடிகட்டி மற்றொன்றாலும் அமைந்துவிடும்போது. `Values` பெட்டியில் `Urban` புலத்தையும் சேர்ப்பதாகக் கொள்வோம். முன்பு அமைத்த `Top 10` வடிகட்டி மொத்த மக்கள்தொகையைக் கொண்டே இயங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது நகர்ப்புற எண்ணின் மேல் வலது கிளிக் செய்து பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், 5.08 கோடியுடன் மகாராஷ்டிரம் முதலாவதாக வரும். உத்தரப் பிரதேசம் இரண்டாவது, தமிழ்நாடு 3.49 கோடியுடன் மூன்றாவது. பத்தாவதாக 1.18 கோடியுடன் பீகார். நகர்ப்புற மக்கள் அதிகமுள்ள முதல் பத்து மாநிலங்கள் என்று தலைப்பிட்டு இதை அச்சுக்கு அனுப்பிவிடலாம் போலத்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் தலைப்பு பொய். 1.64 கோடி நகர்ப்புற மக்கள் கொண்ட டெல்லி அந்தப் பட்டியலில் இல்லை. மொத்த மக்கள்தொகையில் டெல்லி முதல் பத்துக்குள் வராததால் வடிகட்டி அதை முன்னரே நீக்கிவிட்டது. எஞ்சிய பத்தைத்தான் வரிசைப்படுத்தல் மாற்றி அடுக்கியது. கேரளம்கூட 1.59 கோடியுடன் பீகாரைவிட மேலே இருக்க வேண்டியது. சரிசெய்ய, `Top 10` பெட்டியைத் திறந்து நான்காவது தேர்வை `Sum of Urban` என்று மாற்ற வேண்டும். உடனே பீகார் போய் டெல்லி பத்தாவது இடத்துக்கு வரும். வடிகட்டி எந்த மதிப்பால் அமைந்திருக்கிறது என்று அட்டவணையின் முகத்தில் எங்கும் எழுதியிருக்காது. தலைப்பின் அம்புக்குறி சிறிய புனல் வடிவமாக மாறியிருக்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால்தான் விவரம் மிதந்து வரும். பிறர் தந்த முதல் பத்து அட்டவணை எதையும் அந்தப் புனலைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இன்னும் ஆழமான சிக்கல் கூட்டுத்தொகையில் இருக்கிறது. பத்து மாநிலங்களை மட்டும் காட்டும்போது அடியில் உள்ள `Grand Total` 92,70,00,283 என்று மாறியிருக்கும். இந்தியாவின் மக்கள்தொகை அல்ல அது. கண்ணுக்குத் தெரியும் பத்தின் கூட்டு மட்டுமே. சாதாரணப் பிவட் அட்டவணையில் வடிகட்டி மறைத்த எதுவும் கூட்டலில் சேராது. எண்ணாக மட்டும் இருந்தால் கவனித்துவிடலாம். சதவீதமாக மாற்றினால் ஏமாற்றம் மறைந்துகொள்ளும். மதிப்பின் மேல் வலது கிளிக் செய்து `Show Values As` வழியாக `% of Grand Total` தேர்ந்தால், உத்தரப் பிரதேசத்துக்கு 21.55 சதவீதம் என்று வரும். உண்மையில் இந்திய மக்களில் அம்மாநிலத்தின் பங்கு 16.50 சதவீதம்தான். தமிழ்நாட்டின் 5.96 சதவீதம் 7.78 ஆக உயர்ந்து காட்டும். பத்து மாநிலங்களின் பங்கும் கூடி அழகாக 100 சதவீதமாகிவிடுவதால் சந்தேகம் எழ வழியே இல்லை. ஒரு முதல் பத்துப் பட்டியலில் சதவீதங்களைக் கூட்டினால் நூறு வருகிறது என்றால், மீதிப் பேர் எங்கே என்று கேட்பதுதான் சரியான எதிர்வினை. இங்கே அந்த மீதி 28 கோடிக்கும் மேல்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. எளியது, பங்கைப் பிவட் அட்டவணைக்கு வெளியே, பக்கத்து நெடுவரிசையில் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவது. முதல் மாநிலத்தின் எண் `B4` கட்டத்தில் இருந்தால் சூத்திரம் இப்படி அமையும்:

```
=B4/SUM(Census[Population])
```

வகுக்கும் எண் மூலத் தரவிலிருந்து நேராக வருவதால் வடிகட்டி அதைத் தொட முடியாது. `B4` என்பதைச் சுட்டியால் தேர்ந்தெடுக்காமல் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். சுட்டினால் எக்செல் அங்கே `GETPIVOTDATA` என்ற நீண்ட சூத்திரத்தை இட்டுவிடும். அதைக் கீழே நகலெடுத்தால் எல்லா வரியிலும் ஒரே மாநிலத்தின் எண் வரும். மற்றொரு தீர்வு, அட்டவணையை உருவாக்கும்போதே `Add this data to the Data Model` என்ற கட்டத்தைத் தேர்வது. அப்படி உருவான அட்டவணையில் `Design` பகுதியில் உள்ள `Subtotals` பட்டியலில் `Include Filtered Items in Totals` என்ற வரி உயிர்பெறும். சாதாரண அட்டவணையில் அது மங்கிக் கிடக்கும். அதைத் தேர்ந்தால் பத்து வரிகளே தெரிந்தாலும் அடியில் 121.09 கோடி நிற்கும். சதவீதமும் அதற்கேற்பச் சரியாகும். மாதந்தோறும் வெளிவரும் அறிக்கைகளுக்கு இந்த இரண்டாவது வழியே ஏற்றது. ஆனால் ஏற்கெனவே உருவாக்கிய சாதாரண அட்டவணையை இதற்கு மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். `Calculated Field` வசதியும் இதில் கிடையாது.

ஒரு புலத்தின்கீழ் இன்னொரு புலம் வரும்போது வடிகட்டியின் பொருளே மாறுகிறது. `Rows` பெட்டியில் `State` புலத்தின்கீழ் `District` புலத்தையும் போட்டு, `District` புலத்துக்கு `Top 10` கொடுத்தால் நாட்டின் முதல் பத்து மாவட்டங்கள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் முதல் பத்து கிடைக்கும். தமிழ்நாட்டின்கீழ் சென்னை, காஞ்சிபுரம், வேலூர் என்று தொடங்கித் திருச்சிராப்பள்ளி வரை பத்து மாவட்டங்கள். இரண்டே மாவட்டங்கள் உள்ள கோவாவில் இரண்டும். மாநிலத்தின் எண்ணும் உடன் சுருங்கும். தமிழ்நாட்டுக்கு எதிரே 7.21 கோடிக்குப் பதில் சுமார் 3.55 கோடி என்றிருக்கும். மாநிலவாரிப் பட்டியல் வேண்டுபவர்களுக்கு இது வரம். நாட்டளவில் வேண்டுபவர்கள் `State` புலத்தை வரிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். அப்போது 1.11 கோடியுடன் தாணே முதலாவதாகவும், 66.26 லட்சத்துடன் ஜெய்ப்பூர் பத்தாவதாகவும் வரும்.

அந்தப் பட்டியலையே பத்திலிருந்து பதினைந்தாக நீட்டினால் வேறொரு பொறி வெளிப்படும். பதினோராவது இடத்தில் 62.41 லட்சத்துடன் அவுரங்காபாத் வந்து நிற்கும். அப்படி ஒரு மாவட்டம் 2011இல் எங்கும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 37.01 லட்சம் மக்களோடு ஓர் அவுரங்காபாத்; பீகாரில் 25.40 லட்சம் மக்களோடு இன்னொன்று. மாநிலம் என்ற புலம் நீங்கியதும் பிவட் அட்டவணை பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டது. உண்மையான பதினோராவது, 61.07 லட்சம் மக்கள் கொண்ட நாசிக். பிலாஸ்பூர், ஹமீர்பூர், பிரதாப்கர் என்று இப்படி இரண்டு மாநிலங்களில் வரும் பெயர்கள் இன்னும் உண்டு. சந்தேகம் வரும் எண்ணின் மேல் இரட்டைக் கிளிக் செய்வதே கண்டறியும் வழி. அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள மூல வரிகளை எக்செல் ஒரு புதிய தாளில் விரித்துவைக்கும். அவுரங்காபாத்துக்கு அங்கே இரண்டு வரிகள் தெரியும். தீர்வு, மூலத் தரவில் ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்து இரண்டு பெயர்களையும் இணைப்பது:

```
=TRIM([@District])&", "&TRIM([@State])
```

பிறகு அட்டவணையைப் புதுப்பித்து, `District` புலத்துக்குப் பதில் இந்தப் புதிய புலத்தை வரிகளில் வைத்து வடிகட்ட வேண்டும். `TRIM` சேர்ப்பதற்குக் காரணம் இதற்கு எதிரான இன்னொரு பிழை. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலே போதும், எக்செல் அதை வேறு பெயராகக் கொண்டு ஒரே ஊரை இரண்டாகப் பிரித்துவிடும். கூட்டிய பெயர் பட்டியலில் தகாத உயரத்தில் நிற்கும். பிரிந்த பெயரோ பட்டியலுக்கே வராமல் போகும் என்பதால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மாநிலப் பெயரில் இப்படி நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, வடிகட்டும் முன் வரிகளை எண்ணினால் போதும். 35க்கு மேல் இருந்தால் ஏதோ ஒன்று பிளவுபட்டிருக்கிறது.

மதிப்பு நெடுவரிசையில் எங்காவது எழுத்தாக ஒரு பதிவு இருந்தால் வரும் பிழை இவை எல்லாவற்றையும்விட நயவஞ்சகமானது. ஒரு மாவட்டத்தின் எண்ணுக்குப் பதிலாக `N.A.` என்று இருந்தாலே, புலத்தை `Values` பெட்டியில் போடும்போது எக்செல் கூட்டுவதற்குப் பதிலாக எண்ணத் தொடங்கும். தலைப்பு `Sum of Population` என்பதற்குப் பதில் `Count of Population` என்றிருக்கும். அதன்மேல் `Top 10` போட்டால் மாவட்டங்களின் எண்ணிக்கையால் முதல் பத்து வரும்: உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், தமிழ்நாடு, கர்நாடகம், ஒடிசா, அசாம், குஜராத். மக்கள்தொகைப் பட்டியலில் உள்ள பத்தில் எட்டுப் பெயர்கள் இதிலும் இருக்கின்றன! 19 மாவட்டங்களில் 9.13 கோடி மக்களை வைத்திருக்கும் மேற்கு வங்காளமும், 23 மாவட்டங்களே கொண்ட ஆந்திரமும் மட்டும் காணாமல் போயிருக்கும். பெயர்களை மட்டும் நகலெடுத்துக்கொள்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எண்ணின் மேல் வலது கிளிக் செய்து `Summarize Values By` வழியாக `Sum` என்று மாற்றினால் கூட்டல் திரும்பும். ஆனால் எழுத்தாக இருக்கும் பதிவு பூஜ்யமாகவே கருதப்படும் என்பதால் அந்த மாவட்டம் அதன் மாநிலத்தின் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் விடுபடும். `=COUNT(Census[Population])` என்ற சூத்திரம் எண்ணாக உள்ள பதிவுகளை மட்டும் எண்ணும். விடை 640 வராவிட்டால் மூலத்தைத் திருத்திய பிறகே மேலே செல்ல வேண்டும். வடிகட்டுவதற்கு முன் `Grand Total` வெளியான எண்ணான 121,08,54,977உடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். பொருந்தாமல் சரியாக இரண்டு மடங்கு வந்தால், மாவட்ட வரிகளோடு கிராமப்புறம், நகர்ப்புறம் என்ற பிரிவு வரிகளும் தரவில் கலந்திருக்கின்றன. கணக்கெடுப்பின் மூலக் கோப்புகளில் மூன்றும் அடுத்தடுத்தே இருப்பதால் இது எளிதில் நேரும்.

வடிகட்டி அமைந்த பிறகு அதே புலத்தில் வேறொரு வடிகட்டியைப் போடுவதிலும் கவனம் வேண்டும். பத்து மாநிலங்கள் தெரியும்போது, ஆந்திரப் பிரதேசம் பின்னாளில் பிரிந்துவிட்டது என்பதால் அதைத் தேர்வுப் பட்டியலில் நீக்கிவிட நினைத்து டிக் குறியை எடுத்தால், ஒன்பது மாநிலங்கள் மிஞ்சுவதில்லை. `Top 10` முழுதாகக் கலைந்து, ஆந்திரம் தவிர்த்த 34 வரிகள் திரும்பி வரும். ஒரு புலத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வகை வடிகட்டி என்பது எக்செல்லின் இயல்பான ஏற்பாடு. `State` புலத்துக்கு ஸ்லைசர் வைத்து அழுத்தினாலும் இதே கதிதான். இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டுமானால் `PivotTable Options` பெட்டியில் `Totals & Filters` பக்கத்துக்குப் போய் `Allow multiple filters per field` என்பதைத் தேர்ந்துவைக்க வேண்டும்.

வேறொரு புலத்தின் ஸ்லைசர் இப்படிக் கலைப்பதில்லை. மாவட்டங்களுக்கு `Top 10` வைத்து, `State` புலத்தை ஸ்லைசராக மட்டும் வைத்தால், எந்த மாநிலத்தை அழுத்துகிறோமோ அதன் முதல் பத்து மாவட்டங்கள் உடனுக்குடன் மாறி மாறி வரும். ஒரே நேரத்தில் ஒரு மாநிலத்தைத் தேரும் வரையில் பெயர் மோதலும் எழாது என்பதால், இணைப்பு நெடுவரிசைகூடத் தேவைப்படாது.

மூலத் தரவைத் திருத்தினால் அட்டவணை தானாக மாறாது. அதன்மேல் வலது கிளிக் செய்து `Refresh` கொடுத்தால், புதிய எண்களைக் கொண்டு கூட்டல், தேர்வு, வரிசை மூன்றையும் எக்செல் மறுபடி செய்யும். பழைய பத்தில் ஒன்று வெளியேறிப் புதியது உள்ளே வருவதும் அப்போதுதான். வடிகட்டியை நீக்க, புனல் வடிவ அம்புக்குறியை அழுத்தி `Clear Filter From "State"` தேர்ந்தால் 35 வரிகளும் திரும்பும். வரிசைப்படுத்தும் விதி தனியானது என்பதால் அது கலையாமல், உத்தரப் பிரதேசத்திலிருந்து லட்சத்தீவு வரை இறங்கு வரிசையிலேயே அவை நிற்கும்.